யார், யாரிடம் பேசுகிறார்? புறநானூறு 112-உம் குறுந்தொகை 40-உம்

கல்யாணப் பத்திரிகையில் ‘செம்புலப் பெயல்நீர்’ வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வரும். வரி அழகானதுதான். ஆனால் காதலின் பூரிப்பில் தானாகப் பாடிய தன்னுணர்ச்சிப் பாட்டாக அதை வாசித்துவிடுகிறோம். குறுந்தொகை 40 நாடகப் பாங்கில் அமைந்த பாட்டு.

தன்னுணர்ச்சிப் பாட்டு எப்படி இருக்கும் என்பதற்குப் புறநானூறு 112-ஐப் பாருங்கள். பாரி மகளிர் பாடியது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ தந்தை இருந்தார், குன்றும் கையில் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. ஐந்தே அடி. இதில் ‘நீ’ என்று யாரும் இல்லை, யாரையும் எதற்கும் இணங்க வைக்கும் முயற்சியும் இல்லை. அதனால் இவர்கள் ஏன் இதைச் சொல்கிறார்கள் என்று துருவ வேண்டியதில்லை. அதே நிலவு திரும்பி வந்திருப்பதன் வலியில் நின்றாலே போதும்.

குறுந்தொகை 40-இல் ‘ஞாய்’ (உன் தாய்), ‘நுந்தை’, ‘நீ’ என்று எதிரே ஒருத்தி நிற்கிறாள். இயற்கைப் புணர்ச்சி எனப்படும் முதல் கூடலுக்குப் பின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சியவளின் குறிப்பைக் கண்டு தலைமகன் கூறியது என்கிறது பாட்டோடு வரும் குறிப்பான கொளு. இப்போது முதல் மூன்று அடிகளைப் படியுங்கள். உன் தாயும் என் தாயும் யாரோ, தந்தையர் எந்த வகையில் உறவு, நாம் ஒருவரையொருவர் எப்படி அறிவோம்? அவளுடைய பயமும் இதுதானே! உறவில்லை, சாட்சியில்லை, இவன் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பயத்தையே அவன் முதலில் எடுத்துச் சொல்கிறான். பிறகுதான் செம்மண்ணில் விழுந்த மழைநீர் வருகிறது. ‘தாம் கலந்தனவே’ என்பதில் அந்தத் ‘தாம்’ முக்கியம்: யாரும் கலந்து வைக்கவில்லை, ஆகவே யாராலும் பிரிக்கவும் முடியாது. பூரிப்பாகத் தெரிந்தது இப்போது வாக்குறுதியாகக் கேட்கிறது. அவன் அதைக் காப்பானா என்பது பாட்டில் இல்லை. அந்தச் சந்தேகமும் வாசகரின் பங்கு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கொளு புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்ந்தது. கேட்பவள் இருப்பதைப் பாட்டின் சொற்களே காட்டுகின்றன. அவளுடைய அச்சம் கொளு தரும் விளக்கம். அந்த மூன்று கேள்விகளுக்கு அது பொருந்துவதால் நான் ஏற்கிறேன்.

கதைப்பாட்டில் கேள்வி வேறு: யாருக்கு, எது, எப்போது தெரியும்? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பேசுவதைத் தனியே எடுத்தால் அதுவும் நாடகம்தான். ஆனால் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்பது கொலைக்களக் காதையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, பாண்டியனுக்குத் தெரியாது. தன் சிலம்பின் பரல் முத்து என்று அவனே வாய்விட்டுச் சொல்லும்போது, அடுத்து என்ன தெறிக்கப்போகிறது என்று அறிந்து பதறுவது நாம்தான். அந்தப் பேச்சை மட்டும் வெட்டியெடுத்து மேடையில் முழங்கினால் கண்ணகியின் கோபம் வந்துசேரும், இந்தப் பதற்றம் வராது.