ஆண்டுக் கட்டணமும் பன்னிரண்டு ஸ்டேட்மெண்ட்டுகளும்: மூன்றாண்டு அனுபவம்

என் கிரெடிட் கார்டில் ஓராண்டில் 1,00,000 செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது. முதல் ஆண்டு முடியும்போது பன்னிரண்டு ஸ்டேட்மெண்ட்டுகளின் 'செலுத்த வேண்டிய மொத்தத் தொகை'யைக் கூட்டிப் பார்த்தேன்: 1,04,300. நிம்மதியாக இருந்தேன். அடுத்த ஸ்டேட்மெண்ட்டில் கட்டணம் வரியோடு சேர்ந்து வந்து நின்றது.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துச் சண்டை போடுவதற்கு முன் நல்லவேளையாக வரிவரியாகப் படித்தேன். தவறு என்னுடையதுதான். ஒரு மாதம் பில்லை முழுவதும் கட்டாமல் 3,800 பாக்கி வைத்திருந்தேன். அது அடுத்த மாத மொத்தத்திலும் ஏறியதால் இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். வாலட்டில் பணம் போட்ட 5,600 என் கார்டின் விதிமுறைப்படி கணக்கில் சேராது. இரண்டையும் கழித்தால் 94,900 மட்டுமே.

இரண்டாம் ஆண்டிலிருந்து அந்த மொத்தத் தொகையைப் பார்ப்பதே இல்லை. பரிவர்த்தனைப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, தேதி, தொகை, 'சேருமா', இதுவரை கூட்டுத்தொகை என்று நான்கு கட்டங்களில் எழுதுகிறேன். ரொக்கம் எடுத்தது, வட்டி, அபராதம், வாலட் ஆகியவற்றுக்கு மூன்றாவது கட்டத்தில் 'இல்லை'. திரும்ப வந்த பணத்துக்குக் கழித்தல் குறி. மாதம் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

குழப்பம் தேதியில்தான் இருக்கிறது. கார்டு எனக்கு வழங்கப்பட்டது மார்ச் 18; ஸ்டேட்மெண்ட் வருவது ஒவ்வொரு மாதமும் 5. அதனால் ஏப்ரல் 5 அன்று வரும் ஸ்டேட்மெண்ட்டில் மார்ச் 17 வரை உள்ள வரிகள் பழைய ஆண்டுக்கும், மற்றவை புதிய ஆண்டுக்கும் போகும். அந்த ஒரு ஸ்டேட்மெண்ட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறேன். இன்னொன்று: நான் பொருள் வாங்கும் நாளும், அது கணக்கில் பதிவாகும் நாளும் ஒன்றல்ல. மார்ச் 16 அன்று வாங்கியது 19 அன்றுதான் பதிவானது. ஆண்டைத் தீர்மானிப்பது எந்தத் தேதி என்று விதிமுறையில் தெளிவாக இல்லாததால், கடைசி வாரச் செலவை நான் நம்புவதே இல்லை.

மூன்றாம் ஆண்டு பிப்ரவரி ஸ்டேட்மெண்ட்டோடு கூட்டுத்தொகை 1,02,100 வந்துவிட்டது. அதில் 7,500-க்கு வாங்கிய ஒரு பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தேன். பணம் இன்னும் வரவில்லை. வந்தால் 94,600 ஆகிவிடும். எப்படியும் கட்ட வேண்டியிருந்த காப்பீட்டுப் பிரீமியத்தை, அது கணக்கில் சேரும் வகைதானா என்று விதிமுறையில் பார்த்துவிட்டு, மார்ச் முதல் வாரத்திலேயே கார்டில் கட்டினேன். 9,000. பணம் 10 ஆம் தேதி திரும்பி வந்தது. கூட்டுத்தொகை 1,03,600.

ஏப்ரல் ஸ்டேட்மெண்ட்டில் கட்டணம் என்ற வரியைக் கண்டதும் ஒரு நொடி திடுக்கிட்டேன். அதற்கு நேர் கீழே அதே தொகை, வரியோடு சேர்த்து, வரவு வைக்கப்பட்டிருந்தது.