துபாய்ல இருந்து மொத்தமா ஊருக்கு: கஸ்டம்ஸ்ல நடந்த கதை

11 வருஷம் துபாய்ல இருந்துட்டு 2019 ஜூன்ல குடும்பத்தோட சென்னைக்கே வந்துட்டோம். கையில 30,000 திர்ஹாம் நோட்டா இருந்துச்சு, டாலர்ல கிட்டத்தட்ட 8,170. நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேல போனா சொல்லியாகணும். மச்சான் "சும்மா பச்சை சேனல்ல போயிடுங்க மாமா, யாரும் பாக்க மாட்டாங்க"ன்னான். நான் கணக்குச் சொல்றவங்க போற சிவப்பு சேனல்லதான் போனேன். எண்ணிப் பாத்து, கரன்சி டிக்ளரேஷன் ஃபார்ம்ல சீல் போட்டு ஒரு காப்பி குடுத்தாங்க, ஒரு பைசா வரி இல்ல. அந்தக் காகிதத்தோட அருமை அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, பேங்க்ல, ஊருக்குத் திரும்பினவங்க வெளிநாட்டுப் பணத்தை அப்படியே வச்சுக்கற ஆர்எஃப்சி அக்கவுன்ட்ல அந்த நோட்டைக் கட்டப் போனப்ப முதல்ல கேட்டதே அதைத்தான்.

கப்பல்ல போட்ட வீட்டுச் சாமான்லதான் சிக்கல். ரெண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு நிரந்தரமா வர்றவங்களுக்கு அப்ப 5 லட்சம் வரைக்கும் டியூட்டி கிடையாது. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல ஊருக்கு வந்துபோன நாள் எல்லாம் கூட்டினா ஆறு மாசத்தைத் தாண்டக் கூடாது. எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப 95 நாள், அப்புறம் 60, தங்கச்சி கல்யாணத்துக்கு 40, ஆக 195 நாள். ஆபீசர் பாஸ்போர்ட்டுல சீல் சீலா பாத்து ஒரு பேப்பர்ல கூட்டிட்டே வந்தார் பாருங்க, எனக்கு வேர்த்துடுச்சு.

"சார் இப்படியே விட்டா 2 லட்சம் வரைக்கும்தான் டியூட்டி இல்லாம விட முடியும்"ன்னார். லிஸ்ட் மதிப்பு 3,10,000, மிச்சம் 1,10,000க்கு 38.5 சதவீதம்னா 42,350 ரூபா. ஆனா அதிகப்படி நாளைக் கமிஷனர் மன்னிக்கலாம்னும் அவரே சொன்னார், அதுக்குத் தக்க காரணம் வேணுமாம். அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரிய வச்சு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன், பத்து நாள் கழிச்சு ஓகே ஆச்சு. அந்தப் பத்து நாளும் கிடங்குல சாமான் எடுக்காம கிடந்ததுக்கு டெமரேஜ்னு வாடகை ஓடிட்டு இருந்துச்சு, அது தனி வயித்தெரிச்சல்.

இதுல ஏஜென்ட் வேற "யூஸ்டு ஹவுஸ்ஹோல்ட் குட்ஸ், 22 பெட்டி"ன்னு ஒரே வரியில லிஸ்ட் போட்டுட்டார். எந்தப் பெட்டியில என்ன, எப்ப வாங்கினது, என்ன மதிப்புன்னு உக்காந்து திரும்ப எழுதினோம்.

கிஃப்ட்டுக்கும் ஒண்ணு சொல்லணும். அப்ப இருந்த ஆளுக்கு 50,000 ரூபா டியூட்டி சலுகைங்கறது நாம கூடவே எடுத்துட்டு வர்ற லக்கேஜுக்கு மட்டும்தான், கப்பல் பெட்டிக்குச் செல்லல. நாங்க சொந்தக்காரங்களுக்கு வாங்கின புது மிக்சி, பெர்ஃப்யூம் எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டு, பழைய துணியக் கையில தூக்கிட்டு வந்தோம் :) அப்படியே தலைகீழா பண்ணியிருக்கணும்.

2026 பிப்ரவரில புது பேக்கேஜ் ரூல்ஸ் வந்தாச்சு, அதனால இந்தத் தொகையை எல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டை எடுத்து ஊர்ல இருந்த நாளை ஒருதடவை கூட்டிப் பாத்துடுங்க.