ஒரே 78 சதவீதம், இரண்டு மாணவர்கள்: டிடெக்டர், வரைவு, வைவா ஓர் ஒப்பீட்டு அலசல்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கக் கல்லூரி ஒன்றில் ஆங்கில அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, மண்டபம் கரையோரத்தில் நடக்கும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி வளர்ப்பு. அளவு 900 சொற்கள். ஒரு மாணவி, ஒரு மாணவன் இருவர் தந்ததையும் ஏஐ டிடெக்டரில் போட்டதில் இரண்டுக்கும் 78 சதவீதம் வந்திருக்கிறது. துறையில் உடனே மூன்று யோசனைகள் எழும். டிடெக்டர் எண்ணைப் பார்த்து அப்படியே சுழியம் போடலாம். எழுதிய விதத்தைக் காட்டும் வரைவுகளைக் கேட்கலாம். கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசலாம். இவற்றை மாற்று வழிகளாக நினைத்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது. மூன்றும் ஒரே எடையுள்ளவையும் அல்ல.

முதலில் டிடெக்டர். 78 சதவீதம் என்றால் 'இதை ஏஐ எழுதியிருக்க 78 சதவீத வாய்ப்பு' என்றுதான் பலர் படிக்கிறார்கள். டர்னிட்டின் போன்ற மென்பொருளில் அந்த எண்ணுக்கு வேறு பொருள்: உரைநடையில் எவ்வளவு பகுதியை ஏஐ எழுதியதாக மென்பொருள் வகைப்படுத்தியது என்பதுதான் அது. வேறு சில கருவிகளில் அதே இடத்தில் வரும் எண் நிகழ்தகவைக் குறிக்கும். எந்தக் கருவி, அதன் எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் அதைக் கோப்பில் எழுதக்கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் வரும் 10, 40, 60 சதவீத எல்லைகள் கருத்துத் திருட்டுக்கானவை. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அளப்பவை. அந்த எல்லைகளை ஏஐ மதிப்பெண்ணுக்குப் பொருத்தி '60-க்கு மேல் போய்விட்டது' என்று முடிவெடுப்பதற்கு விதியிலும் இடமில்லை, அறிவியலிலும் இடமில்லை.

நம் பகுதி மாணவர்களுக்கு இது ஏன் கூடுதலாகக் கடிக்கிறது? டிடெக்டர்கள் பலவும் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியது என்பதைக் கணக்கில் எடுக்கின்றன. ஊகிக்க எளிதாக இருந்தால் இயந்திர எழுத்தென்று சாய்கின்றன. பள்ளியில் ஆங்கிலத்தைப் பாடமாக மட்டும் படித்தவர் குறைந்த சொற்களில், ஒரே மாதிரி வாக்கிய அமைப்பில், இலக்கணம் தவறாமல் எழுதப் பார்ப்பார். இயந்திரத்தின் கண்ணுக்கு அதுவே ஊகிக்க எளிதான எழுத்து. 2023-ல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அன்றைய கருவிகள் இன்று மாறியிருக்கின்றன, ஆனால் கோளாறு முழுதாக நீங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 200 மாணவர்களில் 20 பேர் ஏஐயிடம் எழுதி வாங்கினார்கள், 180 பேர் தாமே எழுதினார்கள். ஏஐயிடம் எழுதி வாங்கியவரில் 80 சதவீதத்தைக் கருவி பிடிக்கிறது, தாமே எழுதியவரில் 5 சதவீதத்தைத் தவறாகக் குறிக்கிறது. அப்படியானால் பிடிபட்ட 25 பேரில் 16 பேர்தான் செய்தவர்கள், 9 பேர் செய்யாதவர்கள். கருவியின் தவறு 5 சதவீதம்தான் என்று கேட்டவர், தன் முன்னால் நிற்பவர் தவறிழைத்திருக்க 95 சதவீத வாய்ப்பு என்று நினைத்துவிடுகிறார். உண்மையில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரபராதி. ஒரு கருவி சரியாகச் சொல்லவில்லை என்று இன்னும் நான்கில் போட்டுப் பார்ப்பது இதை மோசமாக்கும்: ஒவ்வொன்றும் 2 சதவீதம் மட்டுமே தவறினாலும், ஐந்தும் தனித்தனியாகத் தவறுபவையாக இருந்தால் நேர்மையான கட்டுரை ஒன்று எங்கேயாவது ஓரிடத்தில் சிக்க ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்பு. எந்தக் கருவி என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிவித்து, ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே முறை.

ஆகவே 78 என்ற எண் இந்த இருவரோடும் பேசலாம் என்பதற்கு மட்டும் காரணமாகிறது. அதைத் தாண்டி அதற்கு எடை கிடையாது.

இனி வரைவுகள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் `File → Version history → See version history` போனால் எந்த நாளில், எந்த நேரத்தில் என்ன சேர்ந்தது, என்ன அழிந்தது என்று தெரியும். இதற்கு மாணவர் எடிட்டர் உரிமையோடு கோப்பைப் பகிர வேண்டும். பார்வையாளர் உரிமையில் வரலாறு தெரியாது. வேர்ட் கோப்பாக இறக்கி அனுப்பினால் வரலாறு கூடவே வராது. வேர்டில் `Total Editing Time` என்று ஒன்று உண்டு, அதை நம்ப வேண்டாம். எழுதியதை முழுதாகப் புதுக் கோப்பில் ஒட்டினால் அது சுழியத்திலிருந்து தொடங்கும், கோப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் கூடும்.

நம் மாணவியின் வரலாற்றில் இருப்பது ஒரே வரி: இரவு 9.40-க்கு 870 சொற்கள் ஒரேயடியாக ஒட்டப்பட்டன. மாணவனுடையதில் இரண்டரை மணி நேரத் தட்டச்சு, கொஞ்சம் கொஞ்சமாக. இதை மட்டும் பார்ப்பவர் மாணவியைத்தான் சந்தேகிப்பார். ஆனால் லேப்டாப் இல்லாத வீடுகளில் கட்டுரை முதலில் நோட்டில் எழுதப்படும், அல்லது போனில் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிச் சேமிக்கப்படும், கடைசியில் கோப்பில் ஒட்டப்படும். ஒட்டியது தெரிந்தால் அதற்கு முன்னால் எதில் எழுதினாய் என்று கேட்க வேண்டும். மாணவி அடித்துத் திருத்திய மூன்று நோட்டுப் பக்கங்களைக் கொண்டு வருகிறார். ஒரு பத்தி தமிழில் இருக்கிறது. அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கியதாகச் சொல்கிறார். டிடெக்டரில் அந்தப் பத்தி சிவந்ததற்கு அதுவே காரணமாகலாம். செயலி மொழிபெயர்ப்பு அனுமதியா இல்லையா என்பதை அசைன்மென்ட் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் இப்போது அதைக் குற்றமாக்க முடியாது.

மாணவனுடைய வரலாறு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராக ஓடுகிறது. ஒரு வாக்கியம்கூட இடம் மாறவில்லை, ஒரு பத்திகூட அழியவில்லை. தானே யோசித்து எழுதுபவர் முன்னும் பின்னும் போய்வருவார். பக்கத்துத் திரையைப் பார்த்துத் தட்டுபவரின் வரலாறு இப்படி நேர்க்கோடாக இருக்கும். நோட்டில் எழுதியதைப் பார்த்துத் தட்டியவருடையதும் இப்படித்தான் இருக்கும் என்பதால் இதுவும் தனியாக முடிவு சொல்லாது.

மூன்றாவது, வைவா என்னும் நேர்ப் பேச்சு. நம் கணிப்பில் இதற்குத்தான் எடை அதிகம், ஒழுங்காக நடத்தினால். எட்டு முதல் பத்து நிமிடம், கட்டுரை மாணவர் கையில், இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் கேட்க, ஒருவர் குறிக்க. தமிழில் பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுரை தந்த ஒரு வாரத்துக்குள் நடக்க வேண்டும், தள்ளிப்போனால் எழுதியவரே மறந்துபோவார். '78 வந்திருக்கிறதே' என்று தொடங்கினால் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் தடுமாற்றம் எதையும் காட்டாது. டிடெக்டர் குறிக்காத நாலைந்து பேரையும் சீட்டுக் குலுக்கி அழைத்தால், அழைப்பே குற்றச்சாட்டாகத் தெரியாது.

மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்வி வீண். கட்டுரைக்குள் எடுத்த முடிவுகளைக் கேட்க வேண்டும். இரண்டு கட்டுரைகளிலும் ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி தேவை என்று இருக்கிறது. முதலில் மாணவியிடம் ஆசிரியர் கேட்கிறார்.

"இந்த அறுபது கிலோ எப்படிம்மா வந்துச்சு?"

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு அடி மிதவை மேடம். அதுல இருபது கயிறு. கயித்துக்கு இருபது கொத்து, ஒரு கொத்து நூத்தம்பது கிராம். பெருக்குனா அறுபது வருது."

"கீழ வலை கட்டணும்னு எழுதியிருக்க, எதுக்கு?"

"மீன் வந்து பாசியக் கடிச்சிரும் மேடம். அறுந்து மிதக்குறதும் வலையில நிக்கும்."

அடுத்த கேள்வி, வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் விரிகுடாப் பக்கமான வடகடலில் மிதவையை என்ன செய்வார்கள் என்பது. கட்டுரையில் அது இல்லை. கடல் கொந்தளிக்கும், மிதவை உடையும், அதனால் அந்தச் சமயம் எடுத்துவிடுவார்கள் என்கிறார். இங்கே வாக்கியம் யாருடையது என்பதில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கலாம், விஷயம் அவருடையது என்பதில் இல்லை.

அதே 60 கிலோ கேள்விக்கு மாணவன், 'நெட்டில் பார்த்தேன் மேடம்' என்கிறான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. 'எபிஃபைட்' என்று தன் கட்டுரையில் இரண்டு முறை வரும் சொல்லுக்குத் தமிழிலும் விளக்கம் வரவில்லை. வளரும் பாசியின் மேல் ஒட்டி வளரும் வேறு பாசி என்ற அளவுக்குச் சொன்னால் போதும். எதை எழுதிவிட்டு நீக்கினாய் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. ஒரு கேள்வியில் திணறுவது இயல்பு. தன் கட்டுரைக்குள்ளேயே கேட்ட ஐந்தில் நான்கில் திணறுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வைவாவுக்கும் ஓட்டை உண்டு. கூச்சம் மிகுந்தவர் தன் எழுத்தையே விளக்க முடியாமல் நிற்பார். ஏஐ தந்ததை நான்கு முறை படித்துவிட்டு வருபவர் சரளமாகப் பேசுவார். முதலாமவருக்குக் கேள்விகளை எழுதிக் கொடுத்து ஐந்து நிமிடம் தனியே உட்கார வைத்தால் பதில் வரும். இரண்டாமவரிடம் கட்டுரைக்கு வெளியே ஓரடி எடுத்துவைக்கும் கேள்வி, மேலே கேட்ட பருவக்காற்றுக் கேள்வி போல, வேலை செய்யும்.

எடை போடும்போது மூன்றையும் தனித்தனியாக எழுதிவைத்துப் பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாணவி: எண் எதிராக, ஒட்டியது எதிராக, நோட்டுப் பக்கங்கள் ஆதரவாக, பேச்சு வலுவாக ஆதரவு. கோப்பு மூடப்படுகிறது, மொழிபெயர்ப்புச் செயலி பற்றி ஒரு குறிப்போடு. மாணவன்: எண் எதிர், வரலாறு எதிராகச் சாய்கிறது, பேச்சு எதிர். டிடெக்டர் எண்ணைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டாலும் முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவன் விஷயத்தில் நிற்கிறது. நிற்காவிட்டால் தண்டனை கூடாது.

தமிழில் எழுதிய அசைன்மென்ட்டுக்கு இந்தக் கணக்கில் முதல் பகுதியே கிடையாது. ஆங்கிலத்துக்குப் பழக்கிய டிடெக்டரில் தமிழ்ப் பத்தியைப் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. ஆங்கிலமாக்கிப் போட்டால் மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் எழுத்தைத்தான் சோதிக்கிறோம். அங்கே வரைவும் பேச்சும் மட்டுமே சான்று.

மூன்றும் மூன்று திசையில் இழுத்தால்? அதே தலைப்பில் வேறொரு சிறு கேள்வி, 40 நிமிடம், வகுப்பறையில், கையெழுத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ. அதைக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்து நடையை ஒப்பிடக்கூடாது. நேரம் வைத்து எழுதுவது எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். விஷயம் எவ்வளவு கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, மதிப்பெண்ணை அந்த எழுத்துக்கே போட்டுவிடலாம். பழைய கட்டுரைக்கு எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகாது.