மழை நாளில் விழுப்புரம் டு மீனம்பாக்கம்: எவ்வளவு முன்னதாகக் கிளம்பலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் விழுப்புரத்திலிருந்து காரில் சென்னை விமான நிலையம் போகிறவர்கள் மழைக்காக நேரம் ஒதுக்கும் விதம் மூன்று. மொத்த நேரத்தில் ஒரு சதவீதத்தைக் கூட்டுவது ஒன்று. கூகுள் மேப் சொல்வதை நம்பி அதன்மேல் அரை மணி போடுவது இன்னொன்று. சாலையைத் துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே பயணத்தில் வைத்துப் பார்ப்போம்.

மழை இல்லாத மாலையில் விழுப்புரம் முதல் செங்கல்பட்டு வரை சுமார் 105 கி.மீ., சராசரி 75 கி.மீ. வேகத்தில் 84 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கம் சுமார் 40 கி.மீ., அதற்கு 75 நிமிடம். ஆக 2 மணி 40 நிமிடம்.

முதல் வழிப்படி 25 சதவீதம் சேர்த்தால் கூடுதல் 40 நிமிடம். மனக்கணக்குக்கு எளிது, ஆனால் மழை எங்கே பெய்கிறது என்பதையே இது கேட்பதில்லை. திண்டிவனம் பக்கம் மட்டும் மழை என்றால் 40 நிமிடம் அதிகம். தாம்பரத்தில் கொட்டினால் அது காணாது.

இன்னொரு சறுக்கலும் இங்கே உண்டு. வேகம் 20 சதவீதம் குறைந்தால் நேரம் 25 சதவீதம் கூடுகிறது. வேகம் பாதியானால் நேரம் இரட்டிப்பு. ‘வேகம் பாதிதான் குறையும், அதனால் பாதி நேரம் கூட்டினால் போதும்’ என்று நினைத்து விமானத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கூகுள் மேப், கிளம்பும் நேரத்தைக் கொடுத்தால் ‘2 மணி 30 நிமிடம் முதல் 3 மணி 40 நிமிடம் வரை’ என்பது போல ஒரு வரம்பு காட்டும். அதில் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும், சின்ன எண்ணைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. ஆனால் அந்த வரம்பு பெரும்பாலும் அந்தக் கிழமையில் அந்த நேரத்தில் வழக்கமாக இருக்கும் நெரிசலைச் சொல்வது. கிளம்பும்போது காட்டும் நேரடி நிலவரமும் இப்போதைய நிலைதான், நாம் பெருங்களத்தூர் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே!

மூன்றாவது வழிக்கு வருவோம். திறந்த நெடுஞ்சாலையில் மழை நாம் பயப்படும் அளவுக்கு வேகத்தைத் தின்பதில்லை. அமெரிக்க விரைவுச்சாலைகளில் கனமழை வேகத்தை 3 முதல் 16 சதவீதம் வரை குறைப்பதாகக் கணக்கு. நம் சாலையில் லாரி வாரியடிக்கும் தண்ணீர், மேம்பாலத்தடியில் ஒதுங்கி இடது தடத்தை அடைத்து நிற்கும் பைக்குகள் எல்லாம் சேர்ந்ததால் நான் 20 சதவீதம் போடுகிறேன். 84 நிமிடம் 105 ஆகும். கூடுவது 21 நிமிடம், அவ்வளவுதான்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் கதை வேறு. அங்கே தாமதம் வண்டியின் வேகத்தால் வருவதில்லை, வரிசையால் வருகிறது. மணிக்கு 4,000 வண்டி போகக்கூடிய இடத்தில் ஓரத் தடத்தில் தண்ணீர் நின்று 3,000தான் போகிறது, வருவதோ 3,600 என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 600 வண்டி தேங்கும், கடைசி வண்டிக்கு 12 நிமிடக் காத்திருப்பு. இரண்டாவது மணி முடிவில் 24 நிமிடம். இப்படி மூன்று நான்கு இடம் இருந்தால் வேகம் பாதியாகிவிடும். மழை விட்டாலும் வரிசை உடனே கரையாது. அதனால் இந்தத் துண்டுக்கு 75ஐ 150 ஆக்குகிறேன். இரண்டும் சேர்ந்து கூடுதல் 96 நிமிடம், சதவீதக் கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எப்போது இப்படி இரட்டிப்பாக்குவது? ஆரஞ்சு எச்சரிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அது குறிக்கும் மிகக் கனமழை என்பது 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. அது நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் வடிகால் ஓரளவு சமாளிக்கும், மூன்று மணி நேரத்தில் கொட்டினால் சாலை குளமாகும். வானிலை மையத்தின் அடுத்த மூன்று மணி நேர முன்னறிவிப்பில் செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கனமழை இருந்தால் இரட்டிப்பு. விழுப்புரத்துக்கு மட்டும் இருந்தால் அந்த 21 நிமிடம் போதும். என் ஓட்டு இந்த வழிக்குத்தான். ஆனால் நகரத் துண்டின் அடிப்படை நேரத்தை மட்டும் கூகுள் மேப்பின் பெரிய எண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வேன். விமானத்துக்கு இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் இந்தக் கூடுதல் நேரத்தில் பாதியே போதும்.

மூன்றுமே கைவிடும் ஒரு நிலை இருக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின், டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலைமேல் ஏறிப் போக்குவரத்தை நிறுத்தியது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் அது. சாலையில் 30 செ.மீ. தண்ணீர் நின்றாலே சாதாரண கார் போகக் கூடாது. திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர் மழை விட்டுவிட்டதே என்று பார்க்காமல் அணைத் திறப்புச் செய்தியைத்தான் பார்க்க வேண்டும். அது வந்துவிட்டால் முந்தைய நாளே கிளம்ப வேண்டும், அல்லது வேறு வழி தேட வேண்டும்.