குரூப் 2, சிஜிஎல்: ஒரே பிறந்த தேதிக்கு இரண்டு கணக்கு

டிகிரி முடித்து அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் மாநில அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 2, மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் இரண்டுக்கும் சேர்த்தே தயாராகிறார்கள். கணக்கு, ரீசனிங், பொது அறிவு எல்லாம் ஓரளவு ஒத்துப்போவதால், விண்ணப்ப விதிகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. உண்மையில் வயதை எந்தத் தேதியில் பார்ப்பது, டிகிரி எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும், எந்தச் சாதிச் சான்று செல்லும் என மூன்றிலும் இரண்டு தேர்வாணையங்களும் வேறு வேறு வழியில் போகின்றன. 2025-ம் ஆண்டின் இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஆண்டுத் திட்டத்தை எவ்வளவு நம்பலாம்

இரண்டு ஆணையங்களும் வருடாந்திர அட்டவணை வெளியிடுகின்றன. இரண்டுமே தற்காலிகமானவை என்ற குறிப்போடுதான் வரும். 2025-க்கான டிஎன்பிஎஸ்சி ஆண்டுத் திட்டம் 2024 அக்டோபரிலேயே வந்தது. அதில் குரூப் 2 அறிவிப்புக்கு ஜூலை 15, முதல்நிலைத் தேர்வுக்கு செப்டம்பர் 28 என்று போட்டிருந்தார்கள். இரண்டும் அப்படியே நடந்தன. சிஜிஎல் அறிவிப்பு ஜூன் 9-ம் தேதி வந்தது, கடைசி நாள் ஜூலை 4. திருத்திய அட்டவணைப்படி அதுவரை சரி. ஆனால் ஆகஸ்ட் 13-ல் தொடங்க வேண்டிய முதல்கட்டத் தேர்வு தள்ளிப்போய் செப்டம்பர் 12-ல்தான் ஆரம்பித்தது. விளைவு, இரண்டு தேர்வும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. ஆகஸ்டில் சிஜிஎல்லை முடித்துவிட்டு அதன் பிறகு குரூப் 2-க்கான தமிழ்நாடு வரலாறு, நிர்வாகப் பாடங்களைப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டவர்களுக்கு அந்த இடைவெளியே இல்லாமல் போனது.

என் கணிப்பில், டிஎன்பிஎஸ்சி அட்டவணையை வைத்துப் படிப்பைத் திட்டமிடலாம். எஸ்எஸ்சி அட்டவணையை வைத்து விண்ணப்பிக்க வேண்டிய மாதத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம். தேர்வு நாளை ஹால் டிக்கெட் வரும்வரை முடிவானதாக எடுக்க வேண்டாம்.

தகவல் வரும் வழியைப் பற்றி ஒரு சொல். டெலிகிராம் சேனல்கள் வேகமானவை. ஒரு அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் போஸ்டர் வந்துவிடும். ஆனால் அந்தப் போஸ்டரில் “வயது 18–32” என்று ஒரே வரி இருக்கும். எந்தப் பதவிக்கு, எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி நிலவரப்படி என்ற மூன்றும் அதில் இருக்காது. சேனலை மணியடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, tnpsc.gov.in, ssc.gov.in தளங்களில் இருக்கும் முழு அறிவிப்பைத் திறந்து படிப்பதுதான் சரி. இணைப்பு அறிவிப்புகளும் திருத்தங்களும் அங்கேதான் முதலில் வரும். பழைய ssc.nic.in தளத்தில் பதிவு செய்திருந்தவர்கள் புதிய தளத்தில் மறுபடி ஒருமுறைப் பதிவு செய்தாக வேண்டும். பழைய பதிவு எண் அங்கே வேலை செய்யாது.

டிகிரி எந்தத் தேதிக்குள்?

வயதைவிட இந்தக் கேள்வியில்தான் இறுதியாண்டு மாணவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி, கல்வித் தகுதியை அறிவிப்பு வெளியான தேதியில் பார்க்கிறது. அதாவது குரூப் 2-க்கு 2025 ஜூலை 15 அன்றே டிகிரியில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 13 என்பதால் அதற்குள் ரிசல்ட் வந்தால் போதும் என்று நினைப்பது தவறு. எஸ்எஸ்சியோ சிஜிஎல்லுக்கு 2025 ஆகஸ்ட் 1-ஐத் தகுதித் தேதியாக வைத்தது. அது விண்ணப்பக் கடைசி நாளுக்கும் பின்னால் வரும் தேதி.

ஆக, கடைசி செமஸ்டர் ரிசல்ட் ஜூலை 25-ல் வந்த ஒருவர் சிஜிஎல்லுக்குத் தகுதியானவர். அதே ஆண்டு குரூப் 2-க்குத் தகுதியில்லாதவர். விண்ணப்பப் படிவம் இதைத் தடுக்காது, பணத்தையும் வாங்கிக்கொள்ளும், தேர்வும் எழுதலாம். மதிப்பெண் பட்டியலில் உள்ள தேதியை சான்றிதழ் சரிபார்ப்பில் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

வயது: ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம்

1996 ஜூன் 15-ல் பிறந்த, எம்பிசி பிரிவைச் சேர்ந்த ஒரு பட்டதாரியை எடுத்துக்கொள்வோம்.

குரூப் 2-ல் வயதைப் பார்க்கும் தேதி அறிவிப்பு வந்த ஆண்டின் ஜூலை 1. எஸ்சி, எஸ்சி அருந்ததியர், எஸ்டி, எம்பிசி/சீர்மரபினர், பிசி, பிசி முஸ்லிம், மற்றும் எந்தச் சாதியானாலும் ஆதரவற்ற விதவை ஆகியோருக்குப் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பே இல்லை; 60 வயது முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். “ஏனையோர்” என்ற பிரிவுக்குத்தான் 32. வனவர் போன்ற சில பதவிகளுக்கு எல்லோருக்கும் வரம்பு உண்டு என்பதால் பதவிவாரி அட்டவணையைப் பார்க்காமல் விடக்கூடாது. நம்முடைய ஆளுக்கு இங்கே வயது ஒரு பிரச்சினையே இல்லை.

சிஜிஎல்லில் அதே ஆள் பதவிக்குப் பதவி மாறுவார். வரி உதவியாளர், ஆடிட்டர் போன்றவற்றுக்கு 27. வருமான வரி ஆய்வாளர், உதவிப் பிரிவு அலுவலர் போன்றவற்றுக்கு 30. ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு. எஸ்எஸ்சி அறிவிப்பு வயதைப் பிறந்த தேதியாகவே எழுதிக் கொடுக்கிறது. அதைப் பார்ப்பதே பாதுகாப்பு. 2025-க்கான கணக்கு இது:

| பதவியின் வரம்பு | பொது: இந்தத் தேதியிலோ பிறகோ பிறந்தவர் | ஓபிசி: இந்தத் தேதியிலோ பிறகோ பிறந்தவர் |
|---|---|---|
| 27 | 02-08-1998 | 02-08-1995 |
| 30 | 02-08-1995 | 02-08-1992 |

1996 ஜூன் 15-ல் பிறந்தவருக்கு 30 வரம்புள்ள பதவிகளில் தளர்வே தேவையில்லை. 27 வரம்புள்ள பதவிகளில் ஓபிசி சான்று இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அடுத்த ஆண்டும் ஆகஸ்ட் 1 தான் தகுதித் தேதி என்று வைத்தால் நிலைமை ஒரு படி இறுகும்: 27 வரம்பு ஓபிசிக்கும் 02-08-1996 ஆகிவிடுவதால் வரி உதவியாளர் பதவி கைவிட்டுப் போகும், ஆய்வாளர் பதவிக்கும் அப்போது ஓபிசி தளர்வு கட்டாயம் தேவைப்படும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. மத்திய அரசுப் பணியில் வயதுத் தளர்வைப் பயன்படுத்தித் தகுதி பெற்றவரை, எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் பொதுப்பிரிவு இடத்தில் வைக்க மாட்டார்கள். அவருக்கு ஓபிசி இடம் மட்டும்தான். கட்டண விலக்கு பெறுவது இந்தக் கணக்கில் வராது.

எம்பிசி சான்று வைத்து ஓபிசி கேட்க முடியுமா?

நேராக முடியாது. இங்கேதான் அதிக விண்ணப்பங்கள் கடைசிக் கட்டத்தில் விழுகின்றன.

தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் பிசிக்கு 26.5, பிசி முஸ்லிமுக்கு 3.5, எம்பிசி/சீர்மரபினருக்கு 20, எஸ்சிக்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1. வசதியானவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் கிடையாது, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதமும் கிடையாது. மத்திய அரசில் ஓபிசிக்கு 27, எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10. அங்கே பிசி, எம்பிசி என்ற பிரிவுகளே இல்லை, அருந்ததியரும் எஸ்சியில்தான். பெண்களுக்கு டிஎன்பிஎஸ்சியில் இருக்கும் 30 சதவீத உள் ஒதுக்கீடும், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதமும் சிஜிஎல்லில் கிடையாது. தமிழ்வழிச் சலுகைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை முழுக்கத் தமிழ்வழி என்பது நிபந்தனை. பள்ளியில் தமிழ்வழி, கல்லூரியில் ஆங்கிலவழி என்றால் குரூப் 2-க்கு அது செல்லாது.

ஓபிசி என்று கேட்க வேண்டுமானால் முதலில் உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் அச்சு அசலாக ஒன்றல்ல. ncbc.nic.in தளத்தில் பெயரைத் தேடி, சான்றில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, இ-சேவை மூலம் ஓபிசி சான்றைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். நிரந்தர சாதிச் சான்று ஏற்கனவே இருந்தாலும் இது வேறு ஆவணம். கிரீமி லேயரில் வரவில்லை என்ற வரி இதில்தான் இருக்கும்.

கிரீமி லேயருக்கு ஆண்டு வருமானம் 8 லட்சம் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். எதைச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். விண்ணப்பதாரரின் சொந்த வருமானம் சேராது, பெற்றோருடையது மட்டும். அதிலும் அவர்களுடைய சம்பளமும் விவசாய வருமானமும் வருமானச் சோதனையில் சேராது. அதற்குப் பதிலாக அவர்கள் வகிக்கும் பதவி தனியாகப் பார்க்கப்படும். அப்பாவோ அம்மாவோ நேரடியாக குரூப் ஏ பணியில் சேர்ந்தவராக இருந்தால் வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. தாலுகா அலுவலகத்தில் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டி மனுவை நிராகரித்தால், இந்த விதியைக் குறிப்பிட்டு மீண்டும் மனு கொடுக்கலாம்.

எஸ்எஸ்சிக்கு ஓபிசி நிலையைப் பார்க்கும் தேதி விண்ணப்பத்தின் கடைசி நாள். எனவே அறிவிப்பு வருவதற்கு முன்பே, அந்த நிதியாண்டில் எடுத்த சான்று கையில் இருப்பது நல்லது. ஜூன் 9-ல் அறிவிப்பு, ஜூலை 4-ல் கடைசி நாள் என்றால் நடுவில் 25 நாள்தான்; விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மனு நகர அது போதாமல் போகலாம். சிஜிஎல் சான்றிதழ் சரிபார்ப்பை இப்போது பணியமர்த்தும் துறைகளே செய்கின்றன. சான்றில் ஓட்டை இருந்தால் அது தெரியவரும்போது எல்லாத் தேர்வும் முடிந்து, துறையும் ஒதுக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன நபர் 2025-ல் ஓபிசி சான்று செல்லாமல் போனால் ஆய்வாளர் பதவிக்குப் பொதுப்பிரிவில் பரிசீலிக்கப்பட வாய்ப்பு உண்டு. வரி உதவியாளர் என்றால் வயதிலேயே விழுந்துவிடுவார்.

திருமணமான பெண்களுக்கு: சாதிச் சான்று தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது டிஎன்பிஎஸ்சியில் செல்லாது.

கட்டணம்

சிஜிஎல்லுக்கு 100 ரூபாய். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு இலவசம். ஓபிசி ஆண்கள் கட்ட வேண்டும். டிஎன்பிஎஸ்சியில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். அது தேர்வுக் கட்டணம் அல்ல. பிசி, எம்பிசிக்குத் தேர்வுக் கட்டணத்தில் மூன்று இலவச வாய்ப்புகள் உண்டு. இந்த மூன்று என்பது வாழ்நாள் கணக்கு. தேர்வு எழுதாமல் விட்டாலும், விண்ணப்பத்தில் சலுகை கேட்டிருந்தால் ஒன்று கழிந்துவிடும். நான்காவது முறையும் சலுகை கேட்டு, பழைய விண்ணப்பங்களை மறைத்தது தெரிந்தால் விண்ணப்பம் ரத்தாவதோடு ஓராண்டு தேர்வெழுதத் தடையும் வரலாம். எந்தெந்த அறிவிப்பு எண்ணுக்கு இலவச வாய்ப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, சாதிச் சான்று இருக்கும் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.