பில் சாஃப்ட்வேர்: ஆறரை வருடப் பயன்பாடும் எட்டு எம்எம் கம்பியும்

நிலக்கோட்டையில் ஹார்டுவேர் கடை போடப்போகிற சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணே, நீங்க கடையில வச்சிருக்கிற பில் சாஃப்ட்வேர் இப்போ விலை குறைஞ்சிருக்காம். வாங்கலாமா?" என்று கேட்டான். அன்று காலையில்தான் அதே சாஃப்ட்வேரின் சர்வீஸ் ஆள் நான்கு மணி நேரம் எங்கள் கடையில் உட்கார்ந்து, கெட்டுப்போன ஸ்டாக் கணக்கைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். கோபத்தில் "வேண்டாம்டா" என்று வைத்துவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை என்று பிறகு தோன்றியது. அதனால் பொறுமையாக எழுதுகிறேன். என்னென்ன வசதி இருக்கிறது என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். நான் சொல்லப்போவது வேறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் வாங்கினேன். கவுண்டரைப் பொறுத்தவரை இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரை இஞ்ச் எல்போ, முக்கால் இஞ்ச் எல்போ, பித்தளைத் திரெட் வைத்தது, வைக்காதது என்று நூற்றுக்கணக்கான சில்லறைச் சாமான்கள். புதிதாகச் சேரும் பையன்கூட இரண்டு நாளில் தப்பில்லாமல் பில் போடுகிறான். மேஸ்திரிகளின் கடன் கணக்கை சைட் வாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரே இடத்தில் மாற்றினேன். எல்லா பிராண்டும் சரியாக வந்துவிட்டது.

என் பிரச்சினை யார்டில் இருக்கிறது. ஹார்டுவேர் வியாபாரத்தில் ஒரு அளவில் வாங்கி இன்னொரு அளவில் விற்கிற சரக்கு நிறைய. எலக்ட்ரிக் வயரைச் சுருளாக வாங்கி மீட்டராக விற்கிறோம். சுருள் என்றால் தொண்ணூறு மீட்டர், அது மாறாது. ஆனால் கட்டுமானக் கம்பியை டன் கணக்கில் வாங்கி, எண்ணிக்கையில் விற்கிறோம். "ஒரு கம்பி எத்தனை கிலோ?" என்று சாஃப்ட்வேர் ஒருமுறை கேட்கும். ஒரு சரக்குக்கு ஒரே ஒரு எண்தான் கொடுக்க முடியும். இன்றுவரை அப்படித்தான்.

புத்தகக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் கிலோ எடை வரும். எட்டு எம்எம் கம்பிக்கு 64 வகுத்தல் 162, அதாவது 0.395. பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு 4.74 கிலோ. முதல் இரண்டு வருடம் கவுண்டர் சரக்கை மட்டும் ஏற்றியிருந்தேன். 2021 ஏப்ரலில் யார்டையும் ஏற்றியபோது இந்த 4.74 ஐத்தான் அடித்தேன்.

ஆனால் கம்பி புத்தகத்தைப் பார்த்து உருவாவதில்லை. மில்லில் உருளைகளின் பள்ளம் தேயத் தேய, கம்பி கொஞ்சம் பருத்து, எடை கூடி வரும். உருளை புதிதாக இருந்தாலோ, மெலிதாக இழுக்கும்படி வைத்திருந்தாலோ எடை குறையும். எட்டு எம்எம்முக்கு ஏழு சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்திய தரமே அனுமதிக்கிறது. அதாவது ஒரு கம்பி 4.41 கிலோவும் இருக்கலாம், 5.07 கிலோவும் இருக்கலாம். இரண்டுமே நல்ல சரக்குதான், மில்காரர் ஏமாற்றவில்லை.

அப்பாவுக்கு இந்தச் சூத்திரமெல்லாம் தெரியாது. லாரி இறங்கியதும் ஒவ்வொரு சைஸிலும் ஒரு கட்டை எடுத்துத் தராசில் போடுவார். எட்டு எம்எம் கட்டில் பத்துக் கம்பி. எடையை குடோன் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு எழுதுவார். அந்த லோடு தீரும்வரை ஒரு கம்பியின் விலை அந்த எண்ணிலிருந்துதான் வரும். 2018 இல் அவர் போன பிறகு அண்ணனும் அப்படியே செய்துகொண்டிருந்தான். யார்டை கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று நான்தான் சொன்னேன், "இனி விலை பில்லிலேயே வரும்ணே, சுவத்துல எழுத வேண்டாம்" என்று.

2022 மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுத்தோம். எட்டு எம்எம் 171 கம்பி இருக்க வேண்டும் என்றது கம்ப்யூட்டர். யார்டில் 61 தான் இருந்தது. 110 கம்பியைக் காணோம். ஒரு கம்பி 290 ரூபாய்க்கு விற்ற காலம், முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

யார்டைப் பார்ப்பவன் அண்ணன். மேஸ்திரிகள் எல்லோரும் அவன் சிநேகிதர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி வந்தால் சரக்கை ஏற்றிவிட்டு, பில்லை மறுநாள் போடச்சொல்லும் பழக்கம் அவனுக்கு உண்டு. நான் திருடினாயா என்று கேட்கவில்லை. "பில் போடாம எதுவும் போயிருக்காண்ணே?" என்றுதான் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று கேட்டு முடித்தபோதே எனக்குத் தெரிந்தது. அவன் கையில் இருந்த அளவு டேப்பை மேஜைமேல் வைத்தான். "உன் மெஷின் சொல்றதுதான் கணக்குன்னா, நீயும் அதுவும் சேர்ந்து நடத்துங்க. எனக்குப் பிரிச்சுக் கொடுத்துரு" என்றான்.

அதற்கு முன்பும் பேச்சு இருந்தது. நான் பெயிண்டும் டைல்ஸும் கொண்டுவர வேண்டும் என்பேன். அவன் கம்பியும் சிமெண்டும் போதும், கடனை வசூலித்தாலே கடை ஓடும் என்பான். அதெல்லாம் சாப்பாட்டோடு முடிந்துவிடும் சண்டைகள். இது முடியவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அம்மா இரண்டு வீட்டிலும் பாதிச் சாப்பாடு சாப்பிட்டார். பத்தாவது நாள் மதுரையிலிருந்து தாய்மாமா வந்தார்.

மாமா பாத்திர வியாபாரி, எடையில் வாழ்ந்தவர். கடை முன்பக்கம் எனக்கு, யார்டு அண்ணனுக்கு என்று பேசி முடித்தோம். சரக்கின் மதிப்பில் வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்துக்கொள்வது என்று முடிவானது. "மதிப்பு எப்படிப் போடப்போறீங்க?" என்றார் மாமா. நான் கம்ப்யூட்டர் லிஸ்ட்டைக் காட்டினேன். "வாங்கினது கிலோ கணக்கில, விலையும் கிலோவுக்கு. அப்போ எடை போட்டுத்தானே மாப்ள பிரிக்கணும்?" என்றார்.

யார்டில் தராசை இழுத்துப் போட்டோம். ஒரு கட்டு எட்டு எம்எம் ஏற்றினார்கள். 47.4 வரும் என்று நான் பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். தராசு 49.5 காட்டியது. பூஜ்யம் சரியாக நிற்கவில்லையோ என்று இறக்கி, மறுபடியும் ஏற்றினோம். 49.5 தான். அடுத்த கட்டும் கிட்டத்தட்ட அதே.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. குடோனுக்குள் போய், சிமெண்ட் அடுக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பிளைவுட் பலகையை நகர்த்தினான். சுவரில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே அவன் எழுத்து. 2021 ஏப்ரலிலிருந்து ஒரு லோடுகூட விடாமல் தேதியும் எடையும். எட்டு எம்எம் நேராக 49, 49½, 50, 49½ என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போனது. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் எழுதியிருக்கிறான். எனக்குத் தெரிய வேண்டாம் என்று பலகையால் மறைத்தும் வைத்திருக்கிறான்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். அந்த வருடம் எட்டு எம்எம் முழுவதும் ஒரே மில்லிலிருந்து வாங்கியது, மொத்தம் 12,000 கிலோ. 4.74 ஆல் வகுத்தால் 2,532 கம்பி. பில் போட்டு விற்றது 2,361. மீதி 171, கம்ப்யூட்டர் சொன்னது. அதே 12,000 ஐ 4.95 ஆல் வகுத்தால் 2,424. விற்றதைக் கழித்தால் மீதி 63. அந்த 108 கம்பி எங்கள் யார்டுக்கு வரவே இல்லை. நாங்கள் விற்ற ஒவ்வொரு கம்பியோடும் இருநூறு கிராம் கூடுதலாகப் போயிருந்தது. 4.74 கிலோவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு 4.95 கிலோ கொடுத்திருக்கிறோம். நஷ்டத்துக்குக் காரணம் நான் அடித்த ஒரு எண்.

காலையில் அவனிடம் பேப்பரைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவன் முழுவதும் படித்தான். "63 வருது, 61 தானே இருக்கு?" என்றான். பிறகு அவனே, "மாரியம்மன் கோயில் பந்தலுக்கு ரெண்டு கம்பி கொடுத்தேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றான். அப்புறம் பன்னிரண்டு எம்எம்மையும் பார்க்கச் சொன்னான். அதில் எங்களுக்கு நேர்மாறு. புத்தகப்படி 10.67 இருக்க வேண்டிய கம்பி, வேறொரு மில்லிலிருந்து 10.3 ஆக வந்திருந்தது. யார்டில் கணக்கைவிடக் கம்பி கூடுதலாக நின்றது. அவனுக்கு நஷ்டத்தைவிட இதுதான் உறுத்தியது. "அது வாங்கினவன் காசு" என்றான். அந்த வாரமே பன்னிரண்டு எம்எம்மின் விலையை எடைக்குத் தகுந்தபடி இறக்கினோம். பிரிவினைப் பேச்சு அதோடு நின்றது. மாமா மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அதன் பிறகு நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான். ஒவ்வொரு லோடையும் தனிச் சரக்காக ஏற்றுகிறோம், 8MM-L14, 8MM-L15 என்று. அண்ணன் சுவரில் எழுதுகிற எடையை நான் அந்த லோடுக்கு மட்டும் கொடுக்கிறேன். பழைய லோடு தீராமல் புதியதைத் திறப்பதில்லை. இறக்கும்போதே தனித்தனி அடுக்கு, நுனியில் வெவ்வேறு பெயிண்ட். வேலை இரட்டிப்புதான். ஆனால் அதற்குப் பிறகு வருடக் கடைசியில் நான்கைந்து கம்பிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

போன வாரம் நடந்ததற்கு வருகிறேன். புதிய அப்டேட் ஒன்று, ஒரே மாதிரிப் பெயருள்ள சரக்குகளை "டூப்ளிகேட்" என்று நினைத்துத் தானாகவே ஒன்றாக்கிவிட்டது. எல்லா லோடுக்கும் மறுபடியும் 4.74. கேட்காமல் செய்தது. சர்வீஸ் ஆள் பழைய பேக்கப்பை ஏற்றிக் கொடுத்தார், நல்ல மனிதர், அவர்மேல் தப்பில்லை. லோடுக்கு லோடு எடை மாற்றும் வசதி வேண்டும் என்று நிறுவனத்துக்கு 2022 இலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

சரி, தம்பிக்கு என் பதில். பைப், எலக்ட்ரிக்கல், பெயிண்ட் மட்டும் வைத்து நடத்துகிறாய் என்றால் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் நீ கம்பியும் போடப்போகிறாய் என்று தெரியும். அதனால் வாங்காதே என்றுதான் இன்று சொல்வேன். விலை பாதியானாலும் வாங்காதே. நான் இந்த மார்ச்சில் புதுப்பிக்கத்தான் போகிறேன், ஆறரை வருடக் கடன் கணக்கு அதற்குள் இருக்கிறது. எதை வாங்கினாலும் உன் முதல் லோடு இறங்குகிற நாளை முன்கூட்டியே சொல்லு. அண்ணன் வருகிறேன் என்றிருக்கிறான், தராசு மட்டும் நீ தயாராக வை.