ஒரே கவிதை, நான்கு தலைவாசல்கள்

சமர்ப்பணம், முகப்பு மேற்கோள், வெறும் தேதி, சங்கப் பாட்டுக்கு இருப்பதுபோல யார், எந்தச் சூழலில் சொன்னது என்று காட்டும் கூற்றுக் குறிப்பு: கவிதைக்கு முன்னால் எதை வைப்பது என்ற கேள்விக்கு இந்த நான்கையும் ஒரே கவிதையில் பொருத்திப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்காகவே எழுதிய எட்டு வரிகள் இவை. களம் மும்பை, தாராவி.

உன் செருப்பைத்
தூக்கிப் பரணில் வைத்தேன்.
பிறகு அரிசிப் பானையை.
பிறகு பிள்ளையை.
விளக்கு இல்லை.
படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்:
நான்கு, மூன்று, இரண்டு.
செருப்பு இன்னும் காயவில்லை.

முன்னால் எதுவும் இல்லாமல் படிப்பவருக்குத் தண்ணீர் என்ற நினைப்பே கடைசி வரியில்தான் வரும். உடனே கண் மேலே போய் ‘நான்கு, மூன்று, இரண்டு’ என்பதைத் திரும்பப் படிக்கும். அது யாரோ இறங்கி வரும் எண்ணிக்கை இல்லை, மூழ்காமல் மிச்சமிருந்த படிகளின் கணக்கு. கவிதையின் உயிர் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. தலையில் எதை வைத்தாலும் அந்தத் தாமதம் என்ன ஆகிறது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

தலைப்புக்குக் கீழே ‘26 ஜூலை 2005’ என்று போட்டால் மும்பை வாசகருக்கு முதல் வரியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை தாண்டியது, ரயில் நின்றது, வேலைக்குப் போனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தார்கள். இந்த வாசகர் செருப்பைத் தூக்கும்போதே தண்ணீரைப் பார்த்துவிடுவார், தாமதம் போயிற்று. சென்னை வாசகருக்கோ வெள்ளம் என்றால் 2015 டிசம்பர். இந்தத் தேதி அவருக்கு எதையும் திறக்காது. அப்படியானால் கவிதையின் அடியில் போடலாமே என்று தோன்றும். தமிழ்ப் பத்திரிகைப் பழக்கத்தில் அடியில் வரும் தேதியை எழுதிய நாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்தாலும் அது கவிஞரின் முகவரிபோலத்தான் நிற்கும்.

சமர்ப்பணம் வேறு வகையில் வேலை செய்கிறது. ‘முருகனுக்கு’ என்று போட்ட கணமே கவிதைக்குள் இருக்கும் ‘உன்’ முருகனோடு ஒட்டிக்கொள்கிறது. கவிதையில் முன்னிலை இல்லையென்றால் சமர்ப்பணம் வெறும் அன்பளிப்பாக வெளியே நிற்கும், முன்னிலை இருந்தால் அதுவே கடிதத்தின் முகவரி. இதை மறந்து கவிதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரின் பெயரைப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. செருப்பு அந்த நண்பருடையது ஆகிவிடும்.

உறவு முறையையும் பார்க்கவேண்டும். ‘அப்பாவுக்கு’ என்று போட்டு உள்ளே ‘உன் செருப்பை’ என்றால், அப்பாவை நீங்கள் என்று அழைக்கும் வீட்டு வாசகருக்கு இரண்டும் ஒட்டாது. கணவனை ‘நீங்க’ என்றே பேசும் பெண்ணாகக் கற்பனை செய்பவருக்கும் அதே இடறல். இந்த ‘உன்’ தம்பிக்கோ மகனுக்கோ இயல்பாகப் பொருந்துகிறது.

இனி வேற்றுமை உருபு. ‘முருகனுக்கு’ என்றால் ஆள் இருக்கிறான், ஒருநாள் படிப்பான். ‘முருகன் நினைவாக’ என்றாலோ, (1981–2005) என்று ஆண்டுகளைச் சேர்த்தாலோ, செருப்பு இறந்தவனுடையது. கடைசி வரி கனக்கும், ஆனால் வருவானா மாட்டானா என்ற காத்திருப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆண்டுகள் போடுவது எட்டு வரிக் கவிதைக்கு மிகப் பெரிய செலவு என்பது எங்கள் கணிப்பு. ‘தாராவி மக்களுக்கு’ போன்ற கூட்டுச் சமர்ப்பணம் இங்கே மேடைப்பேச்சாகிவிடும். பாரதி பாஞ்சாலி சபதத்தை இனிப் பிறக்கப்போகும் கவிகளுக்குச் சமர்ப்பித்தது எடுபட்டதென்றால், அதைத் தாங்கப் பின்னால் ஒரு காவியமே இருந்தது.

முகப்பு மேற்கோள் ‘யாருக்கு’ என்பதைத் தொடுவதில்லை. பேசுபவளின் தலைக்கு மேலே இன்னொரு குரலை வைக்கிறது. ஆங்கிலக் கவிஞர் எலியட்டின் ‘பாழ்நிலம்’ என்ற நீள்கவிதை இதற்குச் சரியான சான்று. கைப்பிரதியில் அவர் முதலில் வைத்திருந்தது கான்ராட் நாவலில் சாகும் தறுவாயில் ஒருவன் எழுப்பும் கூக்குரல். அது போதிய கனமுள்ளதா என்று அந்தக் கைப்பிரதியைத் திருத்திய கவிஞர் எஸ்ரா பவுண்டு ஐயப்பட, 1922-இல் நூல் வந்தபோது அந்த இடத்தில் பண்டைய ரோம எழுத்தாளர் பெட்ரோனியஸ் இருந்தார்: குடுவைக்குள் தொங்கும் சிபில் என்ற குறிசொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டால் சாகவேண்டும் என்கிறாள். அதைப் படித்துவிட்டு வருபவருக்கு ஏப்ரலைக் கொடிய மாதம் என்னும் முதல் வரி புதிராக இருக்காது, சாக விரும்புகிறவருக்குத் துளிர் கொடியதுதான். பவுண்டுக்கான சமர்ப்பணம் 1925 தொகுப்பில்தான் அச்சேறியது. அது சேர்ந்ததால் கவிதையின் பொருள் மாறவில்லை. அதைச் செதுக்கியவர் யார் என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

நம் கவிதைக்கு யாரும் முதலில் நீட்டும் மேற்கோள் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதாகத்தான் இருக்கும். குறுந்தொகை 40, மழைநீரும் இருக்கிறது. இரண்டு இடர்கள். ஒன்று, கல்யாணப் பத்திரிகைகளில் தேய்ந்த வரி, படிப்பவர் காதில் நாதஸ்வரம் கேட்கும். மற்றது, அந்தப் பாட்டில் ‘யானும் நீயும்’ என்பது காதலர் பேச்சு, ஆகவே தம்பிக்குரிய ‘உன்’ காதலனுக்குரியதாகிவிடும். மித்தியின் சேற்றைச் செம்புலத்துக்கு எதிராக நிறுத்தும் நக்கல் என்று வாதிடலாம். அந்த நக்கல் கவிஞருடையது, இருட்டில் படி எண்ணுபவளுடையது அல்ல. அளவும் பார்க்கவேண்டும்: எட்டு வரிக்கு மேலே நான்கு வரி மேற்கோள் போட்டால் கவிதையில் பாதி அளவுக்கு அடுத்தவர் வரி.

கூற்றுக் குறிப்பின் வலிமைக்குக் குறுந்தொகை 3 போதும். ‘நிலத்தினும் பெரிதே’ என்பதைத் தனியே படித்தால் காதலின் அளவைச் சொல்லும் வியப்பு. குறிப்பு சொல்வது வேறு: தலைமகன் வேலிப்புறம் நிற்கிறான், அவன் மணந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழிக்கிறாள், தலைவி விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். இப்போது அதே வரிகளை அவன் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதை நம் கவிதையின் அடியில் ஒரே வரியாக வைத்தோம்:

வேலைக்குப் போன தம்பி திரும்பாத இரண்டாம் நாள், அக்கா சொன்னது. தாராவி, ஜூலை 2005.

‘சொன்னது’ என்ற வினை இருப்பதால் தேதி நிகழ்ச்சியோடு ஒட்டுகிறது, எழுதிய நாளாகத் தெரிவதில்லை. ‘உன்’ யார் என்ற குழப்பம் தீர்கிறது. அவன் உயிரோடு இருக்கிறானா என்பது திறந்தே இருக்கிறது, தண்ணீர் என்ற சொல்லும் இல்லை. கொஞ்சம் பழைய வாடை அடிப்பது உண்மை, தொகுப்பில் ஒன்றிரண்டு கவிதைக்கு மேல் தாங்காது. முருகன் என்று உண்மையில் ஒருவர் இருந்தால் அவர் பெயர் நூலின் முதல் பக்கத்துக்குப் போகட்டும்.

அடியா தலையா என்பதில் இன்னொரு நடைமுறை. மும்பையில் மாட்டுங்காவிலோ சயானிலோ கவியரங்கில் வாசித்தால் தலையில் இருப்பது கட்டாயம் கவிதையின் முதல் வரியாகத்தான் ஒலிக்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சாய்வெழுத்தும் இடைவெளியும் பறிபோய், மேற்கோளும் கவிதையும் ஒன்பது வரியாகிவிடும். அடிக்குறிப்பு ஒட்டிக்கொண்டாலும் ‘காயவில்லை’ அதற்குள் சொல்லி முடிந்திருக்கும்.